920 கனமீட்டரில் உங்கள் பங்கு எவ்வளவு?

கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியர் வேலைக்கு வரும் ரெஸ்யூமேயை மனிதவளப் பிரிவு ஒருமுறை சலித்து அனுப்பும். அதற்குப் பிறகு அது போய்ச் சேரும் இடம் ப்ராஜெக்ட் மேனேஜரின் மேசை. அவர் பதினைந்து, இருபது வருஷம் சைட்டில் நின்றவர். 'கடுமையாக உழைப்பேன்', 'குழுவாகச் செயல்படுவேன்' போன்ற வரிகளை அவர் கண் தாண்டிப் போய்விடும். அது எண்ணைத் தேடும். ஓர் எண் கிடைத்ததும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணால் மனசுக்குள்ளேயே வகுத்துப் பார்த்துவிடுவார். கான்கிரீட்டுக்குக் கம்பி பொருந்துகிறதா, கட்டடப் பரப்புக்குக் கான்கிரீட் பொருந்துகிறதா, தளங்களின் எண்ணிக்கைக்கு மாதங்கள் பொருந்துகின்றனவா என்பதுதான் அவர் போடும் கணக்கு. ரெஸ்யூமே எழுதுகிறவர் இந்தக் கணக்கைத் தானே முதலில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு ப்ராஜெக்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்று வருஷ அனுபவமுள்ள ஓர் இளம் இன்ஜினியர், சென்னையின் தென்புறநகரில் ஸ்டில்ட்டும் ஐந்து மாடியுமான குடியிருப்பில் 14 மாதம் வேலை பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே அதன் பொருளைத் தமிழில் தருகிறேன். அவர் முதலில் எழுதியது இது:

"ஸ்டில்ட் + 5 மாடிக் குடியிருப்பு, சென்னை. சைட்டின் அனைத்துப் பணிகளையும் மேற்பார்வையிட்டேன். கான்கிரீட் 2,250 கனமீட்டர், கம்பி 98 டன். தரக்கட்டுப்பாடு, பாதுகாப்பு, பில்லிங் ஆகியவற்றுக்குப் பொறுப்பு. விபத்தே இல்லாத சைட். ஆட்டோகேட், ஸ்டாட் ப்ரோ, ஈடேப்ஸ், ரெவிட், எம்.எஸ். ப்ராஜெக்ட் தெரியும்."

இதில் வேண்டுமென்றே சொன்ன பொய் எதுவும் இல்லை. ஆனாலும் படிக்கிறவர் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவார்.

வகுத்துப் பார்த்தால் என்ன தெரியும்

98 டன் என்பது 98,000 கிலோ. அதை 2,250 ஆல் வகுத்தால் ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு 44 கிலோ கம்பி வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அஸ்திவாரம், தூண், பீம், ஸ்லாப் எல்லாம் சேர்ந்த சராசரி பொதுவாக 90 முதல் 120 கிலோ வரை இருக்கும். தூணில் இதைவிட நிறைய, ஸ்லாபில் கொஞ்சம் குறைவு. 44 கிலோவில் இப்படி ஒரு கட்டடம் எழும்பாது. ஆக, கம்பி அல்லது கான்கிரீட், இரண்டில் ஒன்று தவறு.

எது தவறு என்பதையும் அவரால் கண்டுபிடிக்க முடியும். இந்தக் கட்டடத்தில் ஒரு தளம் 4,800 சதுர அடி. ஸ்டில்ட்டின் மேல்தளம் தொடங்கி மொட்டைமாடி வரை ஆறு தளங்கள். மொத்தம் 28,800 சதுர அடி, அதாவது சுமார் 2,676 சதுர மீட்டர். 98 டன்னை 28,800 ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 3.4 கிலோ. குடியிருப்புக்கு இது சரியான எண். 2,250 கனமீட்டரை 2,676 ஆல் வகுத்தால் 0.84 மீட்டர். அதாவது கட்டடத்தின் கான்கிரீட் முழுவதையும் தளங்களின் மேல் சமமாகப் பரப்பினால் முக்கால் மீட்டருக்கும் அதிகமான கனம் நிற்கும். இந்த வகைக் கட்டடத்தில் அது 0.30 முதல் 0.40 மீட்டருக்குள்தான் வரும். ஆகவே கம்பி சரி, கான்கிரீட்தான் தவறு.

எப்படி வந்தது இந்தத் தவறு? சைட்டில் பலருக்கும் நேர்வதுதான். அவர் ஆர்.ஏ. பில்களிலிருந்து எடுத்திருக்கிறார். ஒவ்வொரு ஆர்.ஏ. பில்லிலும் அளவுக்கு மூன்று பத்திகள் இருக்கும்: முந்தைய பில் வரை, இந்த பில்லில், இன்று வரை. நான்கு பில்களில் 'இன்று வரை' பத்தியில் இருந்த எண்கள் 180, 420, 730, 920. அவற்றைக் கூட்டினால் 2,250. ஆனால் கடைசி பில்லின் 920-க்குள்ளேயே முந்தைய மூன்றும் அடங்கிவிட்டன. அதுதான் கட்டடத்தின் மொத்தக் கான்கிரீட். கம்பிக்கு மட்டும் கடைசி பில்லைப் பார்த்து எடுத்ததால் 98 டன் சரியாக வந்துவிட்டது. திருத்திய பிறகு கணக்கு: 98,000-ஐ 920 ஆல் வகுத்தால் கனமீட்டருக்கு சுமார் 107 கிலோ. 920-ஐ 2,676 ஆல் வகுத்தால் 0.34 மீட்டர். இரண்டும் பொருந்துகின்றன.

அளவு தவறாக வரும் இன்னொரு வழி அலகு. மணலையும் ஜல்லியையும் நாம் யூனிட்டில் வாங்குகிறோம்; ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கனமீட்டர். ரெடிமிக்ஸ் கனமீட்டரில் வரும். சின்ன வேலைகளுக்கு சைட்டிலேயே கலக்கிய கான்கிரீட்டை மேஸ்திரி கன அடியில் எழுதியிருப்பார். மூன்றையும் ஒரே எக்செல் பத்தியில் போட்டுக் கூட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரெஸ்யூமேயில் கான்கிரீட்டைக் கனமீட்டரிலும் கம்பியை டன்னிலும் ஷட்டரிங்கைச் சதுர மீட்டரிலும் கொடுங்கள். வளைகுடா வேலைக்கு அனுப்புகிறவர்கள் கட்டடப் பரப்பையும் சதுர மீட்டரில் சேர்த்து எழுதுவது நல்லது. சதுர அடியை மட்டும் எழுதினால் அங்கே படிப்பவர் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஷட்டரிங்கையும் இதே முறையில் சோதிக்கலாம். 125 மில்லிமீட்டர் ஸ்லாபில் ஒரு கனமீட்டர் கான்கிரீட்டைத் தாங்க 8 சதுர மீட்டர் அடிப்பலகை வேண்டும். அஸ்திவாரத்தில் பக்கவாட்டுப் பலகை மட்டும்தான் என்பதால் வெகு குறைவு. எல்லாம் சேர்ந்து கனமீட்டருக்கு 6 முதல் 7 என்று வரும். இந்தக் கட்டடத்தின் ஷட்டரிங் 5,600 சதுர மீட்டர். 920 ஆல் வகுத்தால் 6.1. மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. இப்படிப் பொருந்தும் எண்களைப் பார்த்ததும், எழுதியவர் சைட்டில் அளவெடுத்தவர் என்று படிக்கிறவருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

இந்த விகிதங்கள் ஆறேழு மாடிக் குடியிருப்புக்கு உரியவை. பாலம், தண்ணீர்த் தொட்டி, பைல் ராஃப்ட், இரண்டு அடித்தளம் கொண்ட வணிக வளாகம் என்றால் கம்பி எங்கேயோ போகும். உங்கள் எண் வழக்கத்தை விட்டு விலகியிருந்தால் அதற்கான காரணத்தை அதே வரியில் இரண்டு சொல்லில் சொல்லிவிடுங்கள். 'ராஃப்ட் அஸ்திவாரம்' என்றோ 'ஷியர் வால் அமைப்பு' என்றோ ஒரு குறிப்பு இருந்தாலே போதும். படிக்கிறவர் மீதியைப் புரிந்துகொள்வார்.

போர் கார்டில் யார் கையெழுத்து?

மொத்தம் சரியாகிவிட்டது. இனி உங்கள் பங்கு. 920 கனமீட்டர் கட்டடத்தினுடையது. அதில் எவ்வளவு உங்களுடையது என்பதைத்தான் நேர்முகத்தில் கேட்பார்கள்.

நம் இன்ஜினியர் சேர்ந்தபோது அஸ்திவாரமும் பிளிந்த் பீமும் முடிந்திருந்தன. முதல் பில்லின் 180 கனமீட்டரும் 17 டன் கம்பியும் அவர் வருவதற்கு முன்பே போட்டவை. அதைக் கழித்தால் 740 கனமீட்டர், 81 டன். ஆறு தளங்களில் முதல் இரண்டுக்கு சீனியர் இன்ஜினியர் பொறுப்பாக இருந்தார். இவர் கூட நின்றார். மீதி நான்கிற்கும் சென்ட்ரிங் லெவல், கம்பி, கவர் பிளாக், எலக்ட்ரிகல் பைப், பிளம்பிங் ஸ்லீவ் என்று எல்லாவற்றையும் பார்த்து போர் கார்டில் கையெழுத்துப் போட்டவர் இவர்.

போர் கார்டு என்பது கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்திடும் தாள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறலாம். சில இடங்களில் செக்லிஸ்ட் என்பார்கள். 'மேற்பார்வையிட்டேன்' என்ற சொல்லை எழுதுமுன் இந்தத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்து இருந்த வேலைக்கு அந்தச் சொல்லைத் தாராளமாகப் போடலாம். சீனியர் கையெழுத்திட்டு நீங்கள் பக்கத்தில் நின்ற வேலைக்கு 'உதவினேன்' என்று எழுதுங்கள். 'உதவினேன்' என்று எழுதினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று இளைஞர்கள் பயப்படுகிறார்கள். நடப்பது வேறு. மூன்று வருஷ அனுபவக்காரர் ஒரு கட்டடம் முழுவதையும் தானே மேற்பார்வையிட்டதாக எழுதினால் மேனேஜர் எதையும் நம்பமாட்டார். இரண்டு தளத்துக்கு உதவி, நான்கு தளத்துக்குப் பொறுப்பு என்று படித்தால், ஒரு வருஷத்துக்குள் இவரிடம் தனிப்பொறுப்பு வந்திருக்கிறது என்று அவருக்குப் புரியும். அந்த வளர்ச்சிக்காகத்தான் ஆளை எடுக்கிறார்கள்.

அளவுக்குப் பிறகு அந்த அளவின் தரம். 'தரக்கட்டுப்பாடு பார்த்தேன்' என்பதற்குப் பதில் ஒரு தளத்தின் கியூப் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டடத்தில் ஒரு தளத்துக்கு பீமும் ஸ்லாபும் சேர்ந்து சுமார் 82 கனமீட்டர். ஐ.எஸ். 456 படி முதல் 50 கனமீட்டருக்கு 4 மாதிரிகள். அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒன்று கூடுதல். ஆக 5 மாதிரிகள். ஒரு மாதிரிக்கு மூன்று கியூப் என்பதால் 28 நாள் சோதனைக்கு 15 கியூப். 7 நாள் சோதனை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். ரெஸ்யூமேயில் இதில் ஒரு வரிதான் வரும்: 'எம்25 கான்கிரீட், தளத்துக்கு 5 மாதிரிகள், கியூப் ரெஜிஸ்டர் பராமரிப்பு'. நேர்முகத்தில் "82 கனமீட்டருக்கு எத்தனை கியூப் எடுத்தீங்க?" என்று நிச்சயம் கேட்பார்கள். "ஆறு சார்" என்று சொன்னால் அந்த வரி அங்கேயே செத்துவிடும்.

கம்பிக்கும் இதுபோல் ஒரு வரி உண்டு, அதைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. இவர் சேர்ந்த பிறகு சைட்டுக்கு வந்து செலவான கம்பி 83.2 டன். பில்லில் ஏறியது 81 டன். வித்தியாசம் 2.2 டன், அதாவது 2.7 சதவீதம். வெட்டுத் துண்டுகளும் சேதாரமும் சேர்ந்து 3 சதவீதத்துக்குள் நிற்பதை எந்த கான்ட்ராக்டரும் விரும்புவார். 5 சதவீதத்தைத் தாண்டினால் சைட்டில் ஏதோ சரியில்லை: பிபிஎஸ் சரியாகப் போடவில்லை, துண்டுக் கம்பியை லிண்டலுக்கும் சன்ஷேடுக்கும் திருப்பிப் பயன்படுத்தவில்லை, அல்லது கம்பி வெளியே போயிருக்கிறது. இந்தக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தவர் என்று தெரிந்தால் அந்த ரெஸ்யூமேயைத் தனியாக எடுத்து வைப்பார்கள். பணத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள வரி இது.

இப்போது திருத்திய பதிவு:

"சைட் இன்ஜினியர், ஜூன் 2021 – ஜூலை 2022. ஸ்டில்ட் + 5 மாடிக் குடியிருப்பு, சென்னை. 28,800 சதுர அடி (2,676 சதுர மீட்டர்). கட்டடத்தின் மொத்தக் கான்கிரீட் 920 கனமீட்டர். பிளிந்துக்கு மேலான 740 கனமீட்டர் எம்25 கான்கிரீட், 81 டன் கம்பி வேலையில் பங்கு. முதல் 2 தளங்களில் சீனியர் இன்ஜினியருக்கு உதவி. அடுத்த 4 தளங்களுக்கு (தளத்துக்குச் சுமார் 82 கனமீட்டர்) கான்கிரீட்டுக்கு முந்தைய சோதனையும் போர் கார்டு கையெழுத்தும். தளத்துக்குச் சராசரி 24 நாள். கம்பிச் சேதாரம் 2.7 சதவீதம்."

கட்டு வேலை, பூச்சு வேலை, டைல்ஸ் ஆகியவற்றுக்கும் இப்படியே சதுர மீட்டரில் ஒரு வரி போதும். அவற்றை நீட்ட வேண்டாம். ஸ்ட்ரக்சர் இன்ஜினியராகப் போகிறவருக்கு ஸ்ட்ரக்சர் அளவும், ஃபினிஷிங் வேலைக்குப் போகிறவருக்கு ஃபினிஷிங் அளவும் முதலில் நிற்கட்டும்.

'விபத்தே இல்லை' என்று எழுதுமுன்

பாதுகாப்பு வரியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 'ஜீரோ ஆக்சிடென்ட்' என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பதினான்கு மாதம் ஓடிய ஒரு சைட்டில் யாருக்கும் ஆணி குத்தவில்லை, யார் கையிலும் கம்பி கிழிக்கவில்லை என்று சொன்னால், முதலுதவிப் பதிவேடே அங்கே இல்லை என்றுதான் அனுபவசாலி புரிந்துகொள்வார்.

காயங்களை வகை பிரித்துச் சொல்ல ஒரு வழக்கம் இருக்கிறது. கட்டுப் போட்டுவிட்டு அன்றைக்கே வேலைக்குத் திரும்பினால் முதலுதவி. காயம் பட்ட நாளைத் தாண்டியும் வேலைக்கு வர முடியாமல் போனால் அது வேலைநேர இழப்புக் காயம், சைட்டில் எல்.டி.ஐ. என்பார்கள். காயம் படவில்லை, ஆனால் பட்டிருக்கக்கூடும் என்றால் நியர் மிஸ். மூன்றும் வேறு வேறு எண்ணிக்கைகள். 'விபத்தே இல்லை' என்று சொல்ல நினைப்பவர் பெரும்பாலும் சொல்ல விரும்புவது 'எல்.டி.ஐ. இல்லை' என்பதுதான். அது உண்மையானால் அப்படியே எழுதலாம், மனித மணிகளோடு சேர்த்து.

மனித மணியைக் கணக்கிடுவது எளிது. இந்த சைட்டில் சராசரி 55 பேர், நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள், 14 மாதம். பெருக்கினால் 1,60,160. சுமார் 1.6 லட்சம் மனித மணி என்று எழுதலாம். ஆள் எண்ணிக்கையை அன்றாட முன்னேற்ற அறிக்கையிலிருந்து எடுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். கான்கிரீட் போடும் நாளில் 90 பேர் இருந்திருப்பார்கள். ஞாபகத்தில் தங்குவது அந்த நாள்தான். பொங்கல், தீபாவளிக்குப் பிறகு ஊருக்குப் போனவர்கள் திரும்பாமல் 20 பேரோடு ஓட்டிய வாரங்கள் மறந்துபோயிருக்கும்.

இந்த சைட்டில் ஒரு எல்.டி.ஐ. நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் தளத்தில் பீம் பக்கப் பலகையைக் கழற்றும்போது சென்ட்ரிங் ஆள் ஒருவர் சுமார் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து, மூன்று வாரம் வேலைக்கு வரவில்லை. இதை மறைப்பதா, எழுதுவதா? எழுதுங்கள் என்பேன். முன்பு வேலை பார்த்த இடத்துக்கு ஒரு போன் போட்டால் வெளியே வந்துவிடும் செய்தி இது. அப்படி வந்தால் கூடவே கான்கிரீட், கம்பி எண்களின் மீதும் சந்தேகம் விழும்.

எழுதும் விதம் முக்கியம். ஐ.எஸ். 3786 பத்து லட்சம் மனித மணிக்கு எத்தனை காயம் என்ற விகிதத்தைக் கணக்கிடச் சொல்கிறது. இங்கே ஒன்றைப் பத்து லட்சத்தால் பெருக்கி 1,60,160 ஆல் வகுத்தால் 6.2 வரும். ஆனால் இவ்வளவு சின்ன சைட்டில் அந்த விகிதத்துக்கு அதிக அர்த்தம் இல்லை. ஒரு காயம் குறைந்தால் அது பூஜ்யம், ஒன்று கூடினால் 12.5. அதனால் ரெஸ்யூமேயில் விகிதத்தைத் தவிர்த்துவிட்டு, மணியையும் எண்ணிக்கையையும் அதன் பிறகு செய்த மாற்றத்தையும் மட்டும் எழுதலாம்:

"1.6 லட்சம் மனித மணியில் 1 எல்.டி.ஐ. (ஷட்டரிங் கழற்றும்போது விழுந்தது). அதன்பின் ஷட்டரிங் கழற்றுவதற்கு எழுத்துமூல அனுமதியும் நகரும் பிளாட்ஃபாரமும் கட்டாயம். மீதி 3 தளங்களில் இதேபோன்ற விபத்து இல்லை."

அடிபட்டவர் பெயரோ ஊரோ ரெஸ்யூமேயில் வரக்கூடாது.

நீங்கள் செய்த பாதுகாப்பு வேலையையும் பொருளாகவே சொல்லுங்கள். 'பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடித்தேன்' என்ற வரி எல்லா ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. லிஃப்ட் குழிக்கும் டக்ட்டுக்கும் தளம் தளமாகத் தடுப்பு போட்டது, ஸ்லாப் ஓரத்தில் இரட்டைக் குழாய் கைப்பிடி கட்டியது, தற்காலிக மின்பலகைகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்து வாரம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தது: இவற்றில் உங்கள் பொறுப்பில் இருந்த ஒன்றிரண்டை எழுதினால் போதும். டூல்பாக்ஸ் டாக் நடத்தியிருந்தால் எந்த மொழியில் நடத்தினீர்கள் என்பதையும் சேருங்கள். சென்னை சைட்டுகளில் சென்ட்ரிங், கம்பி ஆட்களில் கணிசமானோர் வட மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு இந்தியில் விளக்கத் தெரிந்த இன்ஜினியரைத் தேடி எடுக்கிற கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள்.

ஆட்டோகேடில் என்ன செய்தீர்கள்?

மென்பொருள் பட்டியலில் ஐந்து பெயர் போட்டிருந்தார் நம் இன்ஜினியர். விசாரித்தால் ஸ்டாட் ப்ரோவும் ஈடேப்ஸும் கல்லூரி கடைசி வருஷத்தில் சேர்ந்த குறுகியகாலப் பயிற்சி. ரெவிட்டைத் திறந்து பார்த்ததோடு சரி. சைட்டில் தினமும் தொட்டது ஆட்டோகேடும் எக்செலும். டிசைன் அலுவலக வேலைக்குப் போகாதவர் ஸ்டாட் ப்ரோவை முன்வரிசையில் வைத்தால், நேர்முகத்தில் முதல் கேள்வி அதிலிருந்து வரும். சைட் வேலைக்கு ஆட்டோகேடையும் எக்செலையும் முன்னால் வைத்து, பயிற்சியாகக் கற்றதைப் 'பயிற்சி' என்றே கீழே குறிப்பிடுங்கள். ரெவிட்டை எடுத்துவிடலாம். ஆட்டோ லெவலும் டோட்டல் ஸ்டேஷனும் கருவிகள். அவற்றை மென்பொருள் பட்டியலில் கலக்காமல் தனி வரியில் எழுதுங்கள்.

ஆட்டோகேட் தெரியும் என்பதைவிட அதில் எந்தத் தாளைத் தயாரித்தீர்கள் என்பதே கேள்வி. சைட் இன்ஜினியர் ஆட்டோகேடில் கட்டடம் வரைவது குறைவு. வந்த வரைபடத்தைத் திறந்து அளவெடுப்பது, ஒன்றன்மேல் ஒன்று வைத்து முரண்பாடு கண்டுபிடிப்பது, நடந்த வேலைக்கு ஏற்ப ஆஸ்-பில்ட் திருத்துவது, தேவையான பகுதியை மட்டும் பிரித்து மேஸ்திரிக்கு அச்செடுத்துக் கொடுப்பது என்பவைதான் அதிகம்.

இவர் செய்த ஒரு வேலையைப் பார்ப்போம். டாய்லெட் பகுதியில் பிளம்பிங் ஸ்லீவ் எங்கே வர வேண்டும் என்பது பிளம்பிங் வரைபடத்தில் இருக்கும். பீம் எங்கே ஓடுகிறது என்பது ஸ்ட்ரக்சர் வரைபடத்தில். இரண்டும் வெவ்வேறு ஆட்கள் வரைந்தவை. இவர் ஸ்ட்ரக்சர் கோப்பைத் திறந்து `XREF` கொடுத்து பிளம்பிங் கோப்பை அதன்மேல் இணைத்தார். இரண்டு கோப்பின் தொடக்கப் புள்ளியும் ஒன்றாக இல்லாததால் ஒரு தூணின் மூலையைப் பிடித்து நகர்த்திப் பொருத்தினார். `LAYISO` கொடுத்து பீமும் ஸ்லீவும் உள்ள லேயர்களை மட்டும் வைத்துக்கொண்டபோது, 110 மில்லிமீட்டர் கழிவுக் குழாய் ஒன்று நேராக பீமின் நடுவில் விழுவது தெரிந்தது. ஸ்லாப் போட்ட பிறகு தெரிந்திருந்தால் கோர் கட்டிங் மெஷின் வந்து பீமைத் துளைத்திருக்கும், அல்லது குழாயைத் திருப்பி உயரத்தை இழக்க வேண்டியிருந்திருக்கும். ஆலோசகரிடம் காட்டி முன்கூட்டியே நகர்த்தினார்கள். இதற்கு ரெஸ்யூமேயில் ஒரு வரி: "ஆட்டோகேட்: ஸ்ட்ரக்சர், பிளம்பிங் வரைபடங்களை இணைத்து 4 தளங்களுக்கு ஸ்லீவ் வரைபடம் தயாரித்தேன்; பீமில் மோதிய ஸ்லீவ் கான்கிரீட்டுக்கு முன்பே திருத்தப்பட்டது." 'ஆட்டோகேடில் நிபுணர்' என்று எழுதுவதைவிட இந்த வரி எவ்வளவோ அதிகம் சொல்கிறது.

அளவெடுப்பதைப் பற்றி எழுதினால் அதற்கும் தயாராக இருங்கள். சில நிறுவனங்களில் ஒரு கோப்பைத் திறந்து கொடுத்து "இந்தத் தளத்தின் பரப்பு சொல்லுங்க" என்பார்கள். `AREA` கட்டளையில் ஒவ்வொரு மூலையாகத் தொடாமல் பரப்பு எடுக்க, எல்லைக்கோடு ஒரே மூடிய பாலிலைனாக இருப்பது நல்லது. கோடுகள் தனித்தனியாக இருந்தால் `PEDIT` மூலம் சேர்க்க வேண்டும். ஒரே கோட்டின்மேல் இன்னொரு கோடு கிடந்தால் நீளம் இரண்டு முறை எண்ணப்படும். அதற்கு முன்பே `OVERKILL` ஓட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். திரையில் 44,60,00,000 என்ற மாதிரி ஒரு பெரிய எண் வந்தால் பதறக்கூடாது. வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கிறது. பத்து லட்சத்தால் வகுத்தால் 446 சதுர மீட்டர். `UNITS` பார்த்துவிட்டு இதைச் சொல்கிறவர் உண்மையிலேயே பயன்படுத்தியவர் என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எக்செலுக்கும் இதே விதி. 'எம்.எஸ். ஆபீஸ்' என்று எழுதுவதற்குப் பதில், பிபிஎஸ் தாளை எக்செலில் நீங்களே அமைத்தீர்களா, யாரோ அமைத்ததில் நீளத்தை மட்டும் நிரப்பினீர்களா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அமைத்தவர் என்றால் விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுக்கும் சூத்திரம் அதில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டச் சொல்வார்கள். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு மீட்டருக்கு 1.58 கிலோ என்று வாயிலிருந்து வர வேண்டும்.

மற்றவை

மொத்தம் இரண்டு பக்கம் போதும். கடைசி ப்ராஜெக்ட் முதலில் வரட்டும். அதற்கு அரைப்பக்கம் கொடுத்துப் பழையவற்றை இரண்டு மூன்று வரியில் முடிக்கலாம். தந்தை பெயர், மதம், உறுதிமொழி, பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம். வெளிநாட்டு வேலை என்றால் மட்டும் பாஸ்போர்ட் காலாவதி ஆகும் மாதத்தைக் குறிப்பிடுங்கள். வரைபடங்களும் பில்களும் நிறுவனத்தின் சொத்து. அவற்றை மெயிலில் இணைத்து அனுப்பினால் புது நிறுவனம் உங்களை நம்பத் தயங்கும்.

இந்த அத்தியாயத்தில் பார்த்த எண்கள் எல்லாம் வேலையை விட்ட பிறகு கையில் கிடைக்காதவை. ராஜினாமா கொடுத்த நோட்டீஸ் காலத்தில் ஒரு மாலை ஒதுக்கி, மேனேஜரிடம் சொல்லிவிட்டு, கடைசி ஆர்.ஏ. பில்லின் 'இன்று வரை' பத்தி, நீங்கள் சேர்ந்த மாதத்து பில்லின் அதே பத்தி, போர் கார்டில் உங்கள் கையெழுத்துள்ள தேதிகள், கம்பி வரவு செலவு, மாதவாரி ஆள் எண்ணிக்கை, முதலுதவிப் பதிவேட்டின் மொத்தம் ஆகிய ஆறையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வராது.